அத்தியாயம் 6: இரண்டு சக்கரத்தில் நிற்கும் ரோபோ

இந்த அத்தியாயத்தில் செய்யப்போகும் ரோபோவுக்கு இரண்டே சக்கரம். முன்னாலும் பின்னாலும் முட்டுக்கொடுக்க எதுவும் கிடையாது. உடல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே சக்கரம் ஓடிப்போய் அதைத் தாங்க வேண்டும். 2001-இல் வெளிவந்த செக்வே வண்டிக்கும் அடிப்படை இதுதான்.

இதைச் செய்யும் பலர் கெயின் எண்களைத் தேடுவதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். எண்கள் அடுத்த கட்டம். முதலில் கவனிக்க வேண்டியது வேகங்களின் வரிசை. உடல் எவ்வளவு வேகமாக விழுகிறது, கோணத்தை எவ்வளவு வேகமாக அறிகிறோம், சக்கரம் எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறது, ஓட்டத்தை எவ்வளவு மெதுவாகத் திருத்துகிறோம் என்ற நான்கும் சரியான இடைவெளியில் அமைந்துவிட்டால் எண்களைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. அமையாவிட்டால் எந்த எண்ணும் உதவாது.

உடலும் மோட்டாரும்

நாம் எடுத்துக்கொள்ளும் உருவம் இது: 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரங்கள், என்கோடர் பொருத்திய 12 வோல்ட் கியர் மோட்டார்கள் இரண்டு, டிபி6612 மோட்டார் டிரைவர், ஈஎஸ்பி32 போர்டு, எம்பியூ-6050 சென்சார், மூன்று செல் லித்தியம் பேட்டரி. மோட்டார் நிமிடத்துக்கு 300 சுற்று அளவில் சுற்றினால் போதும். அந்த வேகத்தில் இந்தச் சக்கரம் விநாடிக்குச் சுமார் 1 மீட்டர் ஓடும். இந்த 1 மீட்டர் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று எல்298 டிரைவரை வாங்க வேண்டாம். அதற்குள்ளேயே 2 வோல்ட்டோ அதற்கு மேலோ இழப்பு ஏற்படும். மெதுவாகச் சுற்ற வேண்டிய இடத்தில் மோட்டார் அசையவே அசையாது.

பேட்டரியை மேல் தட்டில் வையுங்கள். எடை கீழே இருந்தால்தானே நிலையாக நிற்கும் என்று தோன்றும். இங்கே அது தலைகீழ். உள்ளங்கையில் விளக்குமாற்றை நிமிர்த்தி நிறுத்த முடிகிறது, பென்சிலை நிறுத்த முடிவதில்லை. உயரமானது மெதுவாக விழுவதால் கைக்கு அவகாசம் கிடைக்கிறது. நம் ரோபோவின் எடைமையம் அச்சுக்கு 10 சென்டிமீட்டர் மேலே இருப்பதாகக் கொள்வோம். சக்கரம் அசையாமல் நின்று, உடல் 2 டிகிரி சாய்ந்த நிலையில் கையை விட்டால், 0.1 விநாடியில் சாய்வு 3 டிகிரியாகும். 0.2 விநாடியில் 7.5 டிகிரி, 0.3 விநாடியில் 20 டிகிரி. அதற்குமேல் மீட்க முடியாது. ஆகவே நமக்குக் கிடைக்கும் மொத்த அவகாசம் 0.3 விநாடிக்கும் குறைவு. அதற்குள் பலமுறை அளந்து பலமுறை திருத்த வேண்டும் என்பதால்தான் நிரலின் முக்கியச் சுற்றை 5 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஓட்டுகிறோம்.

அந்த 5 மில்லி விநாடி தவறாமல் வர வேண்டும். நிரலுக்குள் இருக்கும் சீரியல் அச்சு வரிகள் இதைச் சத்தமில்லாமல் கெடுக்கும். 9600 பாட் வேகத்தில் ஓர் எழுத்து போக ஏறக்குறைய 1 மில்லி விநாடி ஆகிறது. இருபது எழுத்துள்ள ஒரு வரி நான்கு சுற்றுகளை விழுங்கிவிடும். 115200-க்கு மாற்றுங்கள். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை மட்டும் அச்சிடுங்கள்.

கோணத்தை அறிதல்

எம்பியூ-6050-க்குள் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஆக்சிலரோமீட்டர் தன்மீது படும் விசையின் திசையை அளக்கிறது. ரோபோ அசையாமல் நின்றால் அந்தத் திசை நேர் மேல்நோக்கியது, அதிலிருந்து சாய்வு தெரிந்துவிடும். கைரோ சாய்வின் வேகத்தை அளக்கிறது. அந்த வேகத்தைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வந்தால் சாய்வு கிடைக்கும். இரண்டும் தனித்தனியே பொய் சொல்லும், ஆனால் பொய்யின் விதம் வேறு.

கைரோவின் பொய் மெதுவானது. அசையாமல் வைத்திருக்கும்போதும் அது பூஜ்யம் காட்டாது. இந்தச் சிப்பின் விவரத்தாளே விநாடிக்கு 20 டிகிரி வரை பிழை இருக்கலாம் என்கிறது. மின்சாரம் கொடுத்ததும் இரண்டு மூன்று விநாடி ரோபோவை அசைக்காமல் வைத்து, சில நூறு அளவுகளின் சராசரியை எடுத்துக் கழித்துவிட்டால் பெரும்பகுதி போய்விடும். அதன் பிறகும் விநாடிக்கு 0.2 டிகிரி மிச்சம் இருப்பதாக வையுங்கள். ஒரு நிமிடத்தில் அது 12 டிகிரியாகச் சேர்ந்துவிடும்.

ஆக்சிலரோமீட்டரின் பொய் வேறு வகை. ரோபோ முன்னோக்கி வேகமெடுக்கும்போது அந்த வேகமெடுப்பும் விசையாகச் சென்சாரில் சேர்கிறது. விநாடிக்கு விநாடி 1 மீட்டர் என்ற அளவில் வேகம் கூடினால் சாய்வு கிட்டத்தட்ட 6 டிகிரி தவறாகத் தெரியும், அதுவும் பின்னோக்கிச் சாய்ந்ததாக. இன்னும் மோசமான நிலை ஒன்று உண்டு. ரோபோ முன்னால் சாய்ந்து, விழாமல், அந்தச் சாய்வுக்குச் சரியான அளவில் வேகமெடுத்துக்கொண்டே போகிறது என்று வையுங்கள். அப்போது புவியீர்ப்பின் பங்கும் வேகமெடுப்பின் பங்கும் ஒன்றையொன்று சரியாக அழித்துக்கொள்ளும். ஆக்சிலரோமீட்டர் பூஜ்யம் காட்டும். ரோபோ 5 டிகிரி சாய்ந்தபடி ஓடிக்கொண்டிருக்கும்போது "நேராக நிற்கிறேன்" என்று அது சொல்லும். அதிர்வு, இரைச்சல் என்றெல்லாம் இதற்குக் காரணம் சொல்வார்கள். அவையும் உண்டுதான். ஆனால் அதிர்வே இல்லாத ஆக்சிலரோமீட்டரும் இந்த இடத்தில் பூஜ்யம்தான் காட்டும்.

இந்த இரண்டு அளவுகளையும் கலக்கும் முறைதான் காம்ப்ளிமென்டரி ஃபில்டர். வேகமான மாற்றங்களுக்குக் கைரோவை நம்புகிறோம். நீண்ட நேரச் சராசரிக்கு ஆக்சிலரோமீட்டரை நம்புகிறோம். எந்த இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறோம் என்பதை ஒரே ஓர் எண் தீர்மானிக்கிறது.

```cpp
const float DT  = 0.005;
const float TAU = 2.0;
const float A   = TAU / (TAU + DT);   // 0.9975

float accAngle = atan2(-ax, az) * 57.3;
float rate     = (gyRaw - gyBias) / 65.5;
angle = A * (angle + rate * DT) + (1 - A) * accAngle;
```

இதில் x அச்சு முன்னோக்கியும் z அச்சு மேல்நோக்கியும் இருக்கிறது. முன்சாய்வு கூட்டல் எண். 65.5 என்பது கைரோவை விநாடிக்கு 500 டிகிரி வரம்பில் அமைத்தால் வரும் வகுஎண். நிரல் தொடங்கும்போது `angle`-க்கு ஆக்சிலரோமீட்டர் காட்டும் கோணத்தையே முதல் மதிப்பாகக் கொடுங்கள்.

இணையத்திலும் புத்தகங்களிலும் `A`-க்கு 0.98 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணுக்குத் தனியாகப் பொருள் இல்லை. பொருள் உள்ளது `TAU`, அதாவது ஃபில்டரின் நினைவு எத்தனை விநாடி நீள்கிறது என்பது. 10 மில்லி விநாடிச் சுற்றில் 0.98 என்றால் நினைவு அரை விநாடி. அதே எண்ணை நம் 5 மில்லி விநாடிச் சுற்றில் போட்டால் கால் விநாடி. அதனால்தான் நிரலில் `A`-யை நேராக எழுதாமல் `TAU`-விலிருந்து கணக்கிடுகிறோம்.

நான் 2 விநாடி வைப்பதற்குக் காரணம் உண்டு. நினைவு நீளமாக இருந்தால் கைரோவின் மிச்சப் பிழை கொஞ்சம் உள்ளே வரும்: விநாடிக்கு 0.2 டிகிரி பிழையை 2 விநாடியால் பெருக்கினால் 0.4 டிகிரி. ஆனால் அது அசையாத பிழை. எப்போதும் அதே 0.4 டிகிரிதான். அப்படிப்பட்ட பிழையைப் பின்னால் வரப்போகும் வெளி லூப் தானே கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும். நினைவு குறுகலாக இருந்தாலோ ஆக்சிலரோமீட்டரின் பொய் உள்ளே வரும். அது ரோபோவின் ஒவ்வோர் அசைவோடும் மாறிக்கொண்டே இருப்பது. அதை எந்த லூப்பாலும் சரிசெய்ய முடியாது. ஆகவே நிலையான பிழையை ஏற்று, மாறும் பிழையைத் தள்ளுங்கள்.

சென்சாரைச் சக்கர அச்சின் உயரத்திலேயே பொருத்துங்கள். மேல் தட்டில் வைத்தால் உடல் ஆடும்போது அந்த ஆட்டத்தின் வேகமெடுப்பும் அளவில் சேரும். சிப்பின் உள்வடிகட்டியை 42 ஹெர்ட்ஸுக்கு அமையுங்கள் (பதிவு முகவரி `0x1A`, மதிப்பு `3`). அதனால் வரும் தாமதம் 5 மில்லி விநாடிக்குள் இருக்கும். 42-ஐவிடக் குறைத்தால் திரையில் கோடு அழகாகத் தெரியும், தாமதமோ கூடிவிடும்.

மோட்டாரை இணைப்பதற்கு முன்பே கோணத்தைச் சோதித்துவிட வேண்டும். சீரியல் பிளாட்டரில் `angle` கோட்டைப் பார்த்தபடி ரோபோவைக் கையால் சட்டென்று 30 டிகிரி முன்னே சாய்த்து அப்படியே பிடியுங்கள். கோடு 30-க்குப் போய் அங்கேயே நிற்க வேண்டும். முதலில் மைனஸ் பக்கம் பாய்ந்துவிட்டு மெல்லத் திரும்பி 30-க்கு வந்தால் கைரோவின் குறி தலைகீழாக இருக்கிறது. 30-ஐத் தாண்டி 60 வரை போய் மெல்ல இறங்கினால் வகுஎண் தவறு: 131 போட வேண்டிய இடத்தில் 65.5 போட்டிருக்கிறீர்கள். 15 வரை மட்டும் ஏறி மெல்ல 30-ஐ எட்டினால் அதன் எதிர்ப்பக்கம். மூன்றிலும் கடைசியில் சரியான எண்ணே வந்து நிற்கும். மெதுவாகச் சாய்த்துச் சோதிப்பவர்கள் பிழையைக் காணவே மாட்டார்கள். ஆகவே சட்டென்று சாய்ப்பது முக்கியம்.

அடுத்து, ரோபோவை நேராகப் பிடித்தபடி மேசைமீது முன்னும் பின்னும் விரைவாக இழுங்கள். `accAngle` தாறுமாறாக ஆடும். `angle` ஒரு டிகிரிக்கு மேல் அசையக் கூடாது.

உள் லூப்: சாய்வை ஆள்வது

லூப் இரண்டு. உள் லூப் 5 மில்லி விநாடிக்கு ஒருமுறை கோணத்தைப் பார்த்து மோட்டாருக்கு ஆணை கொடுக்கும். வெளி லூப் 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஓட்டத்தின் வேகத்தைப் பார்த்து, "இவ்வளவு சாய்ந்து நில்" என்று உள் லூப்புக்கு ஆணை கொடுக்கும். வெளி லூப் மோட்டாரை நேராகத் தொடாது. மேலே இருப்பது கேட்பதைக் கீழே இருப்பது நிறைவேற்றும். அதற்காகக் கீழே இருப்பது பல மடங்கு விரைவாக இருக்க வேண்டும்.

உள் லூப் வழக்கமான பி.ஐ.டி. தான். அதன் டி பங்குக்குக் கோணத்தின் வித்தியாசத்தைக் கணக்கிடாமல் கைரோவின் `rate`-ஐ நேராகப் போடுங்கள், இரைச்சல் குறையும். இங்கே விளக்கம் தேவைப்படுவது ஐ பங்குதான். பலர் அதை ஒப்புக்குச் சேர்க்கும் சிறு திருத்தமாக நினைத்து, மிகச் சிறிய எண்ணைப் போட்டு, ரோபோ ஏன் விழுகிறது என்று தவிக்கிறார்கள்.

கியர் மோட்டாருக்குக் கொடுக்கும் பிடபிள்யூஎம் ஏறக்குறைய வேகத்தைத்தான் தீர்மானிக்கிறது. பிடபிள்யூஎம் மாறாமல் இருந்தால் சக்கரமும் மாறா வேகத்தில் ஓடும். ஆனால் சாய்ந்த உடலைத் தாங்குவது வேகம் அன்று, வேகமெடுப்பு. பி பங்கு மட்டும் இருந்தால் 2 டிகிரி சாய்வுக்கு ஒரு குறிப்பிட்ட வேகம் கிடைக்கும். அந்த வேகத்தை எட்டியதும் தாங்கல் நின்றுபோகும், உடல் தொடர்ந்து விழும். சாய்வு நீடிக்கும்வரை வேகம் ஏறிக்கொண்டே போக வேண்டுமானால் சாய்வைக் கூட்டிக்கொண்டே போகும் ஐ பங்கு வேண்டும்.

அது குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். 1 டிகிரி சாய்வைத் தாங்க, சக்கரத்தின் வேகம் விநாடிக்கு விநாடி 0.17 மீட்டர் கூட வேண்டும். இது புவியீர்ப்பு முடுக்கம் 9.81-ஐ 57.3-ஆல் வகுத்தால் வருவது. நம் மோட்டார் 255 பிடபிள்யூஎம்மில் விநாடிக்கு 1 மீட்டர் ஓடும். 0.17-ஐ 255-ஆல் பெருக்கினால் 44. ஆக, ஒரு டிகிரி சாய்வுக்கு விநாடிக்கு 44 பிடபிள்யூஎம் கூடினால் விழாமல் நிற்கும் விளிம்பில் இருக்கும், நிமிராது. நிமிர வைக்க அதைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு வேண்டும். 130 என்று தொடங்குவோம். உங்கள் மோட்டார் விநாடிக்கு 0.5 மீட்டர்தான் ஓடும் என்றால் இந்த எண்கள் இரட்டிப்பாகும்.

```cpp
// 5 ms
float e = angle - angleRef;
sumA = constrain(sumA + 130.0 * e * DT, -255, 255);
float u = 22.0 * e + sumA + 0.8 * rate;
```

22, 0.8 இரண்டும் இந்த உருவத்துக்கான தொடக்க எண்கள். `angleRef` இப்போதைக்குப் பூஜ்யம். முதலில் குறியைச் சரிபாருங்கள்: ரோபோவைத் தூக்கிப் பிடித்து முன்னே சாய்த்தால் சக்கரம் முன்னோக்கிச் சுற்ற வேண்டும். பிறகு தரையில் வைத்து, இருபுறமும் கையை வளைத்தபடி, மூன்று பங்குகளையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். பி குறைவாக இருந்தால் உடல் தளதளவென்று பெரிதாக ஆடும். டி அதிகமானால் கியர்ப் பெட்டி உறுமும், கை வைத்தால் நடுக்கம் தெரியும். உறுமல் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். உடல் 40 டிகிரியைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்தி, கூட்டுத்தொகைகளைப் பூஜ்யமாக்கும் வரியையும் இப்போதே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் கீழே விழுந்த ரோபோ தரையில் கிடந்தபடி முழு வேகத்தில் உதறும்.

நின்ற இடத்திலேயே ஓரிரு சென்டிமீட்டர் முன்னும் பின்னும் விடாமல் அசைந்துகொண்டிருந்தால் அது பெரும்பாலும் கெயின் கோளாறு அன்று, மோட்டாரின் உராய்வு. சக்கரங்களைத் தூக்கிவைத்து பிடபிள்யூஎம்மை ஒன்று ஒன்றாக ஏற்றிப்பாருங்கள். 20, 25 வரை சக்கரம் அசையவே அசையாது. அசையத் தொடங்கும் எண்ணை இரண்டு மோட்டாருக்கும் தனித்தனியே குறித்து, அதைவிடச் சற்றுக் குறைவான அளவை `u`-வின் குறிக்கேற்பக் கூட்டிவிடுங்கள். இதன் பிறகும் சிறு அசைவு மிச்சமிருந்தால் சக்கரத்தைக் கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள். பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள தொய்வு கைக்குத் தெரியும். அதை நிரலால் சரிசெய்ய முடியாது, நல்ல கியர்ப் பெட்டிதான் வழி.

இந்தக் கட்டத்தில் ரோபோ சில விநாடி அழகாக நின்று, பிறகு ஒரு பக்கமாக நகரத் தொடங்கி, வேகம் கூடிக்கொண்டே போய் விழும். இது சரியான நடத்தை. நீங்கள் பூஜ்யம் என்று நினைக்கும் கோணம் உண்மையான சமநிலைக் கோணத்திலிருந்து அரை டிகிரி விலகியிருந்தாலே, விநாடிக்கு விநாடி 0.1 மீட்டர் அளவில் வேகம் ஏறும். பத்து விநாடி அளவில் மோட்டாரின் உச்ச வேகம் வந்துவிடும். அதற்குமேல் வேகமெடுக்க வழியில்லை, ஆகவே தாங்கவும் வழியில்லை. பூஜ்யக் கோணத்தை 0.1 டிகிரி துல்லியத்தில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பேட்டரியைச் சற்று நகர்த்தினால் அது மாறிவிடும். அந்தத் தேடல் வெளி லூப்பின் வேலை.

வெளி லூப்: ஓட்டத்தை ஆள்வது

என்கோடரில் மோட்டார்ச் சுற்றுக்கு 11 துடிப்பு, நான்கு விளிம்பும் எண்ணினால் 44, கியர் 30-க்கு 1 என்றால் சக்கரச் சுற்றுக்கு 1320 எண்ணிக்கை. ஓர் எண்ணிக்கை 0.155 மில்லிமீட்டர். 5 மில்லி விநாடியில் ஓர் எண்ணிக்கை என்பது விநாடிக்கு 3 சென்டிமீட்டர் வேகம், அளவுகோல் மிகவும் கரடுமுரடு. 20 மில்லி விநாடி காத்திருந்தால் அது 0.8 சென்டிமீட்டராகிறது. வெளி லூப் மெதுவாக இருப்பதில் இதுவும் ஒரு வசதி.

பலரும் விட்டுவிடும் ஒரு திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என்கோடர் அளப்பது தரையைப் பொறுத்த சுழற்சியை அன்று, உடலைப் பொறுத்த சுழற்சியை. சக்கரம் தரையில் அசையாமல் இருக்க, உடல் மட்டும் முன்னே சாய்ந்தால், சக்கரம் பின்னோக்கிப் போனதாக என்கோடர் சொல்லும். ஆகவே உடலின் சுழற்சி வேகத்தைச் சக்கர ஆரத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

```cpp
// 20 ms
float v   = encSpeed + 0.0325 * rate / 57.3;
float err = vRef - v;
sumV = constrain(sumV + err * 0.02, -2.0, 2.0);
angleRef = constrain(5.0 * err + 2.0 * sumV, -6.0, 6.0);
```

`encSpeed` இரு சக்கரங்களின் சராசரி, விநாடிக்கு மீட்டர் கணக்கில். இந்த நிரலின் குறியில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். ரோபோ முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்த வேண்டும். அதற்கு உடல் பின்னால் சாய வேண்டும். உடலைப் பின்னால் சாய்க்க, சக்கரம் உடலைவிட முந்திப் போக வேண்டும். அதாவது நிற்பதற்காக முதலில் இன்னும் வேகமாக ஓட வேண்டும்! இது தவறு என்று நினைத்துக் குறியை மாற்றிவிட்டால் ரோபோ கையை விட்டதும் பாய்ந்துபோய் விழும். சோதிக்க எளிய வழி இருக்கிறது. ரோபோவைத் தூக்கி நேராகப் பிடித்துக்கொண்டு சக்கரங்களைக் கையால் முன்னோக்கிச் சுற்றிவிடுங்கள். மோட்டார் உங்கள் கையை எதிர்க்கக் கூடாது, அதே திசையில் இன்னும் தள்ள வேண்டும். அப்படித் தள்ளினால் குறி சரி.

முதலில் எதிர்ப்பக்கம் போய்த்தான் இந்தப் பக்கம் வர முடியும் என்ற இந்தக் குணத்தால்தான் வெளி லூப்பை அவசரப்படுத்த முடியாது. நம் எண்களில் உள் லூப் ஒரு சாய்வை நிறைவேற்ற 0.2 விநாடி அளவு எடுத்துக்கொள்கிறது. வெளி லூப்பில் 5 என்ற கெயின் வேகப் பிழையை 0.8 விநாடி அளவில் குறைக்கிறது. இந்த நான்கு மடங்கு இடைவெளியைக் காப்பாற்றுங்கள். 5-ஐ 15-ஆக்கினால் இரண்டு லூப்பும் ஒரே வேகத்துக்கு வந்து ஒன்றோடொன்று மோதும். உடல் விநாடிக்கு ஒன்றிரண்டு முறை பெரிதாக ஆடி விழும்.

`sumV` செய்யும் வேலையை நேரில் பார்க்கலாம். ரோபோ நின்றுகொண்டிருக்கும்போது மேல் தட்டின் முன்விளிம்பில் ஒரு சிறு எடையை வையுங்கள். ரோபோ முன்னே சிறிது தூரம் நகரும், தயங்கும், புதிய இடத்தில் நிற்கும். திரையில் `angleRef` பூஜ்யத்திலிருந்து மெல்ல இறங்கி, மைனஸ் பக்கம் ஏதோ ஓர் எண்ணில் போய் நிற்கும். அதுதான் புதிய சமநிலைக் கோணம். கைரோவின் 0.4 டிகிரி மிச்சப் பிழை, சென்சாரைச் சற்றுக் கோணலாக ஒட்டியது, பேட்டரி ஒரு பக்கம் தள்ளியிருப்பது எல்லாம் இந்த ஓர் எண்ணில் அடங்கிவிடுகின்றன. வேகத்தைக் கூட்டினால் வருவது தூரம் என்பதால், சமநிலைக் கோணம் மாறாதவரை `sumV` ரோபோவை முன்பு நின்ற இடத்துக்கே இழுத்துவரவும் செய்கிறது. தூக்கி வேறிடத்தில் வைக்கும்போது அதைப் பூஜ்யமாக்க மறக்காதீர்கள்.

மெதுவான ஊசலாட்டம்

எல்லாம் சரியாக அமைந்தும் ரோபோ இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை முன்னும் பின்னும் நீளமாகப் போய்வருவதும், ஒவ்வொரு முறையும் தூரம் சற்றுக் கூடுவதும் அடிக்கடி காணப்படும் கோளாறு. பார்த்தவுடன் வெளி லூப்பின் கெயினைக் குறைக்கத் தோன்றும். குறைத்தால் ஊசலாட்டம் இன்னும் பெரிதாகும். பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள்.

பெரும்பாலும் காரணம் ஃபில்டரில் இருக்கிறது. `TAU` கால் விநாடியாக இருப்பதாக வையுங்கள், அதாவது 5 மில்லி விநாடிச் சுற்றில் அந்த 0.98. வெளி லூப் 3 டிகிரி சாயச் சொல்கிறது. உடல் சாய்ந்து வேகமெடுக்கிறது. முன்பு பார்த்தபடி ஆக்சிலரோமீட்டர் அந்த நேரத்தில் பூஜ்யம் காட்டத் தொடங்கும். கால் விநாடி நினைவுள்ள ஃபில்டர் அதை உடனே நம்பிவிடும். உடல் 3 டிகிரி சாய்ந்திருக்க `angle` ஒன்று, அரை என்று இறங்கும். உள் லூப்போ இன்னும் சாய வேண்டும் என்று நினைத்து மேலும் சாய்க்கும். வெளி லூப் கேட்டதைவிட இரண்டு மூன்று மடங்கு சாய்வு, அதுவும் காலம் தாழ்ந்து வருகிறது. இதுதான் ஊசலாட்டம். `TAU`-வை 2 விநாடிக்குக் கொண்டுபோனால் கெயின் எதையும் தொடாமலே பெருமளவு அடங்கிவிடும்.

உறுதிப்படுத்திக்கொள்ள, திரையில் `angle`, `accAngle`, `v` மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். வேகம் ஏறும் ஒவ்வொரு முறையும் `angle` கோடு `accAngle` கோட்டின் பக்கம் இழுபட்டால் நினைவு போதவில்லை. அதற்காக `TAU`-வை 10 விநாடிக்கு ஏற்றிவிடவும் கூடாது. கைரோவின் மிச்சப் பிழை 2 டிகிரியாகப் பெருகும். பலகை சூடேறும்போது அது மாறவும் செய்யும். `sumV`-க்கு வைத்த வரம்பில் பாதியை அதுவே தின்றுவிடும்.

கடைசியில், நிற்கும் ரோபோவின் மேல்விளிம்பை விரலால் ஒருமுறை தள்ளுங்கள். உடல் உடனே நிமிர வேண்டும். அதன் பிறகு ரோபோ சிறிது தூரம் ஓடி, நின்று, சில விநாடியில் தொடங்கிய இடத்துக்கு மெல்ல வர வேண்டும். ஓடி நின்ற இடத்திலேயே தங்கிவிட்டால் `sumV`-யைப் பெருக்கும் 2.0-ஐச் சற்றுக் கூட்டுங்கள். தொடங்கிய இடத்தைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தால் குறையுங்கள். ஓட்டிப்பார்க்க `vRef`-ஐ விநாடிக்கு 0.4 மீட்டருக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். மோட்டாரின் உச்சமான 1 மீட்டரில் மிச்சமிருக்கும் 0.6 மீட்டர்தான் தள்ளு வாங்கும்போது தாங்குவதற்கான இருப்பு. பேட்டரி 12.6 வோல்ட்டிலிருந்து 10.5-க்கு இறங்கும்போது அந்த உச்சமும் ஆறில் ஒரு பங்கு குறையும். அந்த உச்சத்தை மீட்க முடியாது, ஆனால் அதே `u`-வுக்கு அதே வேகம் கிடைக்க, பேட்டரி வோல்ட்டை அளந்து `u`-வை `12.0 / vBat`-ஆல் பெருக்கிவிடுங்கள். திரும்புவதற்கு ஒரு மோட்டாரின் `u`-வில் ஓர் அளவைக் கூட்டி மற்றதில் அதே அளவைக் கழித்தால் போதும், சராசரி மாறாததால் சமநிலை கெடாது.